தாய்ப்பத்திரம் பார்க்கும் நீதி

கேள்வி: "ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ஒரு காணொளியில், கூடைப்பந்து வீரர் ஒருவருக்கு ரசிகர்கள் தாங்களாகவே ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்தால் அதில் அரசு கை வைப்பது எப்படி நியாயம், ஏழைகளுக்குக் கொடுக்க வரி வாங்குவது கட்டாய வேலை வாங்குவது மாதிரிதான் என்று பேசினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எங்கே தப்பு என்று சொல்லவும் தெரியவில்லை. யாராவது விளக்க முடியுமா?"

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் 22 ஆண்டுகள் அரசியல் அறிவியல் நடத்தியவன் நான். இந்த உதாரணத்தை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எடுத்திருக்கிறேன். பிள்ளைகளும் இதே இடத்தில்தான் திணறுவார்கள்: ஒவ்வொரு படியும் சரியாகத் தெரியும், கடைசியில் வந்து நிற்கும் இடம் மட்டும் பிடிக்காது. இந்த வாதத்தைப் பொறுத்தவரை சிக்கல் படிகளுக்கு நடுவில் இல்லை, முதல் படிக்கு முன்னால் இருக்கிறது என்பது என் எண்ணம். அங்கே போவதற்கு முன் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். காணொளிகளில் அது பாதியாகத்தான் வருகிறது.

வாதம் ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதியுடையது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார். 1974ல் அவர் எழுதிய 'அனார்க்கி, ஸ்டேட் அண்ட் உட்டோப்பியா' என்ற புத்தகத்தின் ஏழாவது அத்தியாயத்தில் இந்த உதாரணம் வருகிறது. அதே ஹார்வர்டில் இருந்த ஜான் ரால்ஸ் 1971ல் நீதி பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியிருந்தார். சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது மிகவும் பின்தங்கியவர்களுக்கு முடிந்தவரை நன்மை செய்வதாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான கொள்கை. நோசிக்கின் அந்த ஏழாவது அத்தியாயத்தில் ஒரு பெரிய பகுதி அதற்குப் பதில்.

'சொத்தை எப்படிப் பங்கிடுவது' என்று கேட்பதே தவறு என்கிறார் நோசிக். கோயில் அன்னதானத்தில் பந்தி பரிமாறுகிறவர் ஒருவர் இருக்கிறார், அண்டா ஒன்று இருக்கிறது, அங்கே யாருக்கு எவ்வளவு என்று கேட்கலாம். சமூகம் அப்படி ஒரு பந்தி இல்லை. இங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் உழைத்ததாக, வாங்கியதாக, பெற்றதாக, ஏற்கெனவே ஆளோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அதனால் ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து நியாயத்தைச் சொல்ல முடியாது. அது அவரிடம் எப்படி வந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் செய்வதை நினைத்துப் பாருங்கள். விற்கிறவர் பணக்காரரா, நல்லவரா, அவருக்கு இவ்வளவு நிலம் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. தாய்ப்பத்திரத்தைக் கொண்டு வா, வில்லங்கம் போட்டுப் பார் என்பார்கள். அவருக்கு விற்றவர் யார், அவருக்கு முன்னால் யார், நடுவில் எங்காவது போலிக் கையெழுத்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நோசிக்கின் நீதி அப்படிப்பட்டது. அதில் மூன்று பகுதி. யாருக்கும் சொந்தமில்லாத பொருள் முதன்முதலில் ஒருவருக்கு எப்படி நியாயமாகச் சொந்தமாகிறது என்பது முதல் பகுதி, அதுதான் தாய்ப்பத்திரம். அது விற்பனை, பரிசு, வாரிசு என்று சம்மதத்தோடு எப்படிக் கைமாறுகிறது என்பது இரண்டாவது. முன்பு பறிப்போ மோசடியோ நடந்திருந்தால் அதை எப்படிச் சரிசெய்வது என்பது மூன்றாவது. தமிழில் இதை உரிமைப்பாட்டுக் கோட்பாடு என்று சொல்லலாம். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் நியாயமாக இருந்தால் கடைசியில் ஒருவரிடம் கோடி இருந்தாலும் இன்னொருவரிடம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது நியாயம்தான்.

இதற்கு எதிரான கோட்பாடுகளையெல்லாம் அவர் ஒரே வகையில் சேர்க்கிறார். 'ஒவ்வொருவருக்கும் அவரவர் ______க்கு ஏற்ப' என்று எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் கோட்பாடுகள் அவை. ஒருவர் 'தேவை' என்று நிரப்புவார், இன்னொருவர் 'உழைப்பு' என்பார், மற்றொருவர் 'தகுதி' என்பார். எதை நிரப்பினாலும் ஒரு வாய்பாடு கிடைக்கும். சமூகம் அந்த வாய்பாட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாருக்கும் சமம் என்பதும் அப்படி ஒரு வாய்பாடுதான்.

காணொளிகளில் பெரும்பாலும் தவறாகச் சொல்லப்படும் ஒன்று இங்கே இருக்கிறது. 'அவன் ராப்பகலாக உழைத்தான், அதனால் அவனுக்குத் தகும்' என்று ஒருவர் பேசினால் அவர் நோசிக்கைப் பேசவில்லை. உழைப்புக்கு ஏற்ப என்பதும் கோடிட்ட இடத்தை நிரப்புவதுதான். நோசிக்கின் கணக்கில் தாத்தா சொத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் பேரனுக்கும் அதே உரிமை உண்டு, தாத்தா நியாயமாகச் சேர்த்து மனமுவந்து கொடுத்திருந்தால் போதும். 'தகும்' என்ற சொல்லும் 'உரிமை உண்டு' என்ற சொல்லும் அவருக்கு வேறு வேறு. நீங்கள் பார்த்த பேச்சில் இவை இரண்டும் கலந்திருந்தால் அங்கேயே ஒரு எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீரர். நோசிக்கின் உதாரணத்தில் வரும் வில்ட் சேம்பர்லெய்ன் நிஜமான மனிதர். 1962 மார்ச் 2ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் அதை இன்னும் யாரும் எட்டவில்லை. நோசிக் நம்மைக் கேட்பது இதுதான். உங்களுக்குப் பிடித்த வாய்பாடு எதுவோ அதன்படியே சொத்து பங்கிடப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் சமம் என்றே இருக்கட்டும். இப்போது சேம்பர்லெய்ன் ஓர் அணியோடு ஒரு வருட ஒப்பந்தம் போடுகிறார். சொந்த ஊரில் நடக்கும் ஆட்டங்களில் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 25 சென்ட் அவருக்கு என்பது நிபந்தனை. ரசிகர்கள் அந்த 25 சென்ட்டை அவர் பெயர் எழுதிய தனிப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். சீசன் முடிவதற்குள் பத்து லட்சம் பேர் வந்து போகிறார்கள். அவர் கையில் இரண்டரை லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. சமத்துவம் போய்விட்டது.

இதில் யாருக்கு அநியாயம் என்று கேட்கிறார். முதல் பங்கீடு நியாயமானது, அதைத் தேர்ந்தெடுத்ததே நீங்கள். ஒவ்வொருவரும் தன் பங்கிலிருந்துதான் கொடுத்தார்கள். சினிமாவுக்கோ மிட்டாய்க்கோ போகவேண்டிய காசை விருப்பப்பட்டு இங்கே போட்டார்கள். ஆட்டம் பார்க்க வராதவர்களுடைய பங்கு அப்படியே இருக்கிறது. நியாயமான நிலையிலிருந்து எல்லாரும் சம்மதத்தோடு நகர்ந்து இன்னொரு நிலைக்கு வந்தால் அந்த இரண்டாவது நிலை எப்படி அநியாயமாகும்? வாய்பாடு கெடாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு வழிதான் உண்டு: ஒன்று, மனிதர்கள் விருப்பப்படி காசைக் கொடுப்பதைத் தடுக்க வேண்டும், அல்லது அவர்கள் கொடுத்ததைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிச் சமன் செய்ய வேண்டும். சுதந்திரம் வாய்பாட்டைக் குலைக்கும் என்பதுதான் அவர் அந்தப் பகுதிக்கு வைத்த தலைப்பின் பொருள்.

வகுப்பில் சேம்பர்லெய்னைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒட்டாது. நான் கூத்துக்கு மாற்றிக்கொள்வேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும், பதினெட்டு இரவு கூத்து இருக்கும், கடைசியில் துரியோதனன் படுகளம். ஒரு கிராமத்தில் ஆளுக்குச் சரியாக 10,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், துரியோதனன் வேஷம் கட்டுகிறவரிடமும் அதே 10,000தான். அவர் ஆடினால்தான் ஊர் விழித்திருக்கும். அவருக்கென்று தனி உண்டியல் வைக்கிறார்கள். இரவுக்கு 500 பேர், ஆளுக்கு 10 ரூபாய். ஓர் இரவுக்கு 5,000, பதினெட்டு இரவுக்கு 90,000. திருவிழா முடிந்தபோது பார்த்தவர்களிடம் ஆளுக்கு 9,820 ரூபாய், கூத்துக்காரரிடம் ஒரு லட்சம். அவரிடமிருந்து யார் எதை, எந்த உரிமையில் எடுப்பது?

இந்த இடத்தில் வகுப்பு அடங்கிப் போகும். அந்த அமைதிக்குக் காரணம் உண்டு, வாதத்தின் ஒரு பகுதி உண்மையிலேயே வென்றுவிட்டது. ஒரு குறிப்பிட்ட பங்கீட்டை, பைசா மாறாமல், என்றென்றைக்கும் காப்பாற்றுவது என்ற கொள்கை சாதாரண மனித வாழ்க்கையோடு ஒத்துப்போகாது. தம்பிக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தால்கூட அது குலையும். இதை நான் ஐயமின்றிச் சொல்வேன். நோசிக்கை மறுக்கிறவர்களில் கவனமாகப் படித்தவர்கள் யாரும் இதை மறுப்பதில்லை.

ஆனால் பைசா மாறாத சமத்துவத்தை முறியடிப்பதும், கூத்துக்காரரின் 90,000ல் 9,000 ரூபாயைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரியாக எடுப்பதை முறியடிப்பதும் ஒன்றல்ல. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக இன்னொரு வாதம் வேண்டும். அதைத்தான் நீங்கள் கட்டாய வேலை என்று கேட்டீர்கள். நோசிக் எழுதுவது, உழைப்பின் வருமானத்துக்கு வரி போடுவது கட்டாய உழைப்புக்கு நிகர் என்று. ஐந்து மணி நேர உழைப்பின் கூலியை எடுத்துக்கொள்வது, அந்த ஆளிடமிருந்து ஐந்து மணி நேரத்தை எடுத்து இன்னொருவருக்காக வேலை வாங்குவது போன்றதுதானே என்கிறார். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் எல்லா வரிக்கும் எதிரி இல்லை. களவு, வன்முறை, மோசடி ஆகியவற்றிலிருந்து காப்பதும் ஒப்பந்தங்களை நிறைவேற்றி வைப்பதும் செய்யும் குறைந்தபட்ச அரசை அவர் ஏற்கிறார். அவர் எதிர்ப்பது ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் வரியை.

இந்த வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு துண்டு உண்டு. ஒருவருக்கு சினிமா பிடிக்கும், இன்னொருவருக்குச் சூரியன் மறைவதைப் பார்ப்பது பிடிக்கும். சினிமா பிடித்தவர் டிக்கெட்டுக்காகக் கூடுதலாக உழைக்க வேண்டும், அந்தக் கூடுதலில் வரி. மறையும் சூரியனைப் பார்க்கிறவருக்குக் காசு வேண்டாம், வரியும் இல்லை. அடுத்தவரின் கஷ்டத்துக்கு உதவும் கடமை எல்லாருக்கும் பொது என்றால், அது ஏன் சினிமா பிடித்தவர் தலையில் மட்டும் விழுகிறது என்று கேட்கிறார். உங்கள் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கிறவரையும், ஷிஃப்ட் முடிந்ததும் கிருஷ்ணகிரி மலைமேல் போய் உட்கார்ந்துகொள்கிறவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வி சுலபமில்லை. வருமான வரியை ஆதரிக்கும் நான் இதற்கு முழுத் திருப்தியான பதிலை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனாலும் 'நிகர்' என்ற சொல் அங்கே அளவுக்கு மீறிய சுமையைத் தாங்குகிறது. கட்டாய உழைப்பு என்றால் ஒருவன் என்ன வேலை, எங்கே, எத்தனை மணி நேரம், யாருக்குக் கீழே என்பதை இன்னொருவன் தீர்மானிப்பது. கொத்தடிமையாகக் கல்குவாரியில் கிடந்தவர்களை மீட்டு வந்த கதை நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டிருந்தவரின் நாளையும், சம்பளத்தில் ஒரு பகுதி பிடித்தம் ஆகிறவரின் நாளையும் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாமவர் வேலையை மாற்றலாம், குறைக்கலாம், விடலாம். நோசிக் இதை அறியாதவர் அல்ல; வேலைகளில் தேர்வு இருப்பதால் மட்டும் கட்டாயம் இல்லாமல் போகாது என்பார். அது சரிதான். ஆனால் கட்டாயம் இருக்கிறது என்பதிலிருந்து அதே அளவுக் கொடுமை இருக்கிறது என்பது வராது.

சரி, முதல் படிக்கு முன்னால் இருப்பதாகச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். முதல் பங்கீடு உங்கள் விருப்பம், எந்த வாய்பாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நோசிக் தாராளமாகச் சொல்கிறார் அல்லவா? உண்மையில் அவர் நமக்கு விட்டது தொகையை மட்டும்தான். அந்தத் தொகையோடு வரும் உரிமை எப்படிப்பட்டது என்பதை அவரே முடிவுசெய்துவிட்டார். ரசிகர் கையில் இருக்கும் 25 சென்ட் முழுக்க முழுக்க அவருடையது, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் முழுசாகக் கைமாற்றலாம், வாங்குகிறவரும் முழுசாக வைத்துக்கொள்ளலாம் என்பது உதாரணத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1975லேயே நோசிக்கின் புத்தகத்துக்கு அடித்தளம் இல்லை என்று எழுதினார். சொத்துரிமை இவ்வளவு முழுமையானது என்பதைத்தான் நிறுவ வேண்டும், நோசிக்கோ அதிலிருந்து தொடங்குகிறார் என்பது குற்றச்சாட்டு. பிற்பாடு 2002ல் நேகலும் லியாம் மர்ஃபியும் சேர்ந்து, வரிக்கு முந்தைய வருமானம் என்று இயற்கையில் தனியாக ஒன்று கிடையாது என்று வாதிட்டார்கள். பணம், ஒப்பந்தம், நீதிமன்றம், கம்பெனிச் சட்டம் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டில்தான் அந்த வருமானமே பிறக்கிறது, அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி வரி.

இதைக் கூத்துக்கே கொண்டு வாருங்கள். ஊர் கூடி முதலிலேயே இப்படி முடிவு செய்திருந்தது என்று வையுங்கள்: ஆளுக்கு 10,000, ஆனால் திருவிழாவில் யார் சம்பாதித்தாலும் பத்தில் ஒரு பங்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. இது தெரிந்துதான் கூத்துக்காரர் வேஷம் கட்டினார், தெரிந்துதான் பார்த்தவர்கள் காசு போட்டார்கள். இப்போது அந்த 9,000 ரூபாயை எடுப்பது யாருடைய சொத்தைப் பறிப்பது? அவருக்கு உரிமையான தொகையே 81,000 ஆகிறது. யாரும் தடுக்கப்படவும் இல்லை, காசு கொடுப்பது கண்காணிக்கப்படவும் இல்லை. நோசிக்கின் ஆதரவாளர் உடனே, அந்த ஊர் முடிவுக்குக் கூத்துக்காரர் சம்மதித்தாரா என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலுக்கு நாமும் கேட்கலாம்: முழு உரிமை என்ற விதிக்கு மற்ற 500 பேர் எப்போது சம்மதித்தார்கள்? இரண்டு விதியும் சமமாகவே சம்மதமில்லாமல் வந்தவை. எது சரி என்பதை உதாரணம் தீர்க்காது, வெளியிலிருந்து வேறு வாதம் வேண்டும். உங்கள் மனசு ஒப்பாமல் நின்ற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நோசிக் முழு உரிமை என்ற விதியைத் தாங்கிப் பிடிக்கப் பயன்படுத்துவது, ஒவ்வொருவரும் தன் உடம்புக்கும் திறமைக்கும் தானே முழு உடைமையாளர் என்ற கருத்து. என் கை என்னுடையது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். கை என்னுடையது என்பதிலிருந்து, அந்தக் கையால் சந்தையில் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் பிடித்தமின்றி என்னுடையது என்பது தானாக வராது.

இரண்டாவது மறுப்பு ஒரு மாணவியிடமிருந்து வந்தது. பென்னாகரம் பக்கத்துப் பெண். "சார், கூத்துக்கே வராதவங்க இருக்காங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்க. அந்த ஒரு லட்சத்த வச்சு அவரு ஊர்ல இருக்கற ஒரே கிணத்த வாங்கிட்டா?" என்று கேட்டாள். இதே மறுப்பை ஜி.ஏ. கோஹன் என்ற மார்க்சியத் தத்துவவாதி 1977ல் விரிவாக எழுதியிருக்கிறார் என்று சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வராதவரின் பத்தாயிரம் பத்தாயிரமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்தாயிரத்தால் என்ன செய்ய முடியும் என்பது அடுத்தவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பணம் சேரும்போது அதிகாரமும் சேர்கிறது. டிக்கெட் வாங்கிய பத்து லட்சம் பேரும் ஆட்டத்துக்குச் சம்மதித்தார்கள். அவர்கள் கொடுத்த சில்லறையெல்லாம் சேர்ந்து உருவாகும் ஒருவரின் ஆதிக்கத்துக்கும், அதன் கீழ் நாளை பிறக்கப்போகும் குழந்தைகளின் நிலைக்கும் அவர்கள் சம்மதித்தார்கள் என்று சொல்ல முடியாது.

அந்தப் பெண் கிணற்றைச் சொன்னது தற்செயலாக இன்னொரு கதவைத் திறந்தது. நோசிக்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கிடமிருந்து எடுத்தது அது: பொதுவில் கிடப்பதை ஒருவர் சொந்தமாக்கலாம், ஆனால் மற்றவர்களுக்குப் போதுமானதும் அதே தரத்திலும் மிச்சம் இருக்க வேண்டும். நோசிக் இதைத் தளர்த்தி, மற்றவர்களின் நிலை முன்பைவிட மோசமாகக்கூடாது என்று வைத்துக்கொள்கிறார். பாலைவனத்தில் மற்ற ஊற்றுகள் எல்லாம் வற்றி ஒன்றே ஒன்று மிஞ்சினால், அதன் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது என்பது அவரே தரும் உதாரணம். நமக்குப் பாலைவனம் வேண்டாம். தருமபுரி மேட்டு நிலத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒருவருடைய போரில் தண்ணீர் இருக்கிறது. வறட்சியில் சுற்றியுள்ள கிணறுகள் வற்றியது அவர் தவறு இல்லை. ஆனாலும் அந்த நிலையில் அவருடைய உரிமை சுருங்கிவிடுகிறது, குடிக்க வருகிறவரிடம் குடத்துக்கு நூறு ரூபாய் கேட்க முடியாது. ஆக, நோசிக்கின் சொந்தக் கணக்கிலும் முழு உரிமை என்பது எல்லா நேரத்திலும் முழுசாக இல்லை. அவர் இந்த வரம்பு நிஜ உலகில் அரிதாகவே குறுக்கிடும் என்று நினைத்தார். நம் மாவட்டத்தின் நிலத்தடி நீரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த 'அரிதாக' அவ்வளவு சுலபமாக ஏற்காது. பக்கத்துத் தோட்டக்காரர் ஆழமாகப் போர் போட்டால் என் கிணறு இறங்குகிறது. அங்கே முதல் உடைமையே மற்றவர் நிலையை மோசமாக்கித்தான் நடக்கிறது.

நான் வகுப்பில் அதிக நேரம் செலவழித்தது மூன்றாவது பகுதியில், தவறைத் திருத்துவதில். நோசிக்கின் பெயரைச் சொல்லி வரியை எதிர்ப்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை. தாய்ப்பத்திரம் சரியாக இருந்தால்தான் பின்னால் வரும் பத்திரங்களுக்கு மதிப்பு என்று வாதத்தைத் தொடங்கியவர் அவர். அப்படியானால் தாய்ப்பத்திரம் போலியாக இருந்தால் மேலே எத்தனை கிரயம் நடந்திருந்தாலும் அது தேறாது.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம், பின்னணி மட்டும் நிஜம். 1892ல் பிரிட்டிஷ் அரசு சென்னை மாகாணத்தில் தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் அதே சமூகத்தவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நம் இரண்டு மாவட்டமும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. தருமபுரி 1965ல்தான் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004ல். அப்படி ஒதுக்கிய மூன்று ஏக்கர், ஒரு பஞ்ச காலத்தில் இரண்டு மூட்டை கேழ்வரகுக்காகவும் மிரட்டலுக்காகவும் நிபந்தனையை மீறி வேறொருவர் கைக்குப் போகிறது. அவர் மகன் அதில் மாந்தோப்பு வைக்கிறார். பேரன் தோப்பை விற்று ஓசூரில் மனை வாங்குகிறார். மனையை வாங்கியவர்களும் விற்றவர்களும் யாரையும் மிரட்டவில்லை, எல்லாம் சம்மதத்தோடு நடந்த கிரயம். சேம்பர்லெய்ன் உதாரணத்தை இந்தப் பேரனில் இருந்து தொடங்கினால் அவர் சொத்து குறையற்றது. 1892ல் இருந்து தொடங்கினால் வேறு பதில் வருகிறது. நிலத்தை இழந்தவரின் கொள்ளுப்பேத்தி இன்று அதே ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அவள் பள்ளிப் படிப்புக்காக பேரனிடம் வரி வாங்கினால் அது கட்டாய உழைப்பா, கடன் வசூலா?

இதை நான் நோசிக்குக்கு எதிராகச் சொல்லவில்லை. அவரே அந்த அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறார். பழைய அநியாயங்களை ஒவ்வொன்றாகத் தோண்டிக் கணக்குப் பார்க்க முடியாத இடத்தில், தோராயமான ஒரு விதி வைத்துக்கொள்ளலாம், சமூகத்தில் மிகவும் பின்தங்கிய பிரிவினரின் நிலையை முடிந்தவரை உயர்த்தும்படி ஏற்பாடு செய்வதுகூட அப்படி ஒரு விதியாக இருக்கலாம் என்கிறார். ரால்ஸின் கொள்கைக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். பழைய அநியாயம் மிகப் பெரிதாக இருந்தால் அதைச் சரிசெய்யக் குறுகிய காலத்துக்குப் பெரிய அரசு தேவைப்படலாம் என்றும் எழுதுகிறார். அதனால் அவர் கோட்பாட்டை முழுசாக ஏற்கிறவர்கூட, நம் நாட்டில் இன்று இருக்கும் சொத்துகளைக் காட்டி 'இதன் மேல் வரி போடுவது அநியாயம்' என்று நேரடியாகச் சொல்ல முடியாது. முதலில் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும்.

எது உறுதி, எது என் கருத்து என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நோசிக் என்ன எழுதினார், உதாரணம் எப்படி அமைந்திருக்கிறது, திருத்தம் பற்றிய பகுதி அவருடைய கோட்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பவை சந்தேகமில்லாதவை. உதாரணம் முழு உரிமையை முன்கூட்டியே உள்ளே வைத்துவிடுகிறது என்பது பலர் ஏற்கும் விமர்சனம், ஆனால் முடிந்துபோன விவாதம் அல்ல. தன் உடம்புக்குத் தானே உடைமையாளர் என்பதிலிருந்து வலுவான சொத்துரிமையைக் கட்ட முடியும் என்று நம்பும் தேர்ந்த தத்துவவாதிகள் இன்றும் இருக்கிறார்கள். கடன் வசூல் என்று வரியைப் பார்ப்பது என் வாசிப்பு. அதிலும் ஓட்டை உண்டு. வரி கட்டுகிற எல்லாருடைய தாய்ப்பத்திரத்திலும் வில்லங்கம் இல்லை. ஒரு சென்ட் நிலமும் இல்லாத வீட்டில் பிறந்து, டிப்ளமோ படித்து, ஓசூரில் ஷிஃப்ட் பார்த்துச் சம்பாதிக்கிறவரிடம் இருந்தும் பிடித்தம் ஆகிறது. உங்கள் நிலையே அப்படி இருக்கலாம். நிலம் பறித்தவரின் பேரனிடம் கேட்கும் அதே காரணத்தைச் சொல்லி உங்களிடம் கேட்க முடியாது. உங்களிடம் கேட்க வேறு காரணம் வேண்டும், நான் மேலே சொன்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக் காரணம்: நீங்கள் சம்பாதிக்க முடிகிற ஏற்பாட்டையே அந்த வரியும் சேர்ந்துதான் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது. அது எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது. எவ்வளவு சதவீதம் வரைக்கும் போதும் என்று கேட்டால் தத்துவத்திலிருந்து எண் எடுத்துத் தர என்னால் முடியாது.

அந்தக் காணொளிக்காரரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். ரசிகர் பெட்டியில் போட்ட காசு முதலில் அந்த ரசிகருக்கு எந்த நிபந்தனையோடு வந்தது என்பது ஒன்று. உங்கள் கதையை எந்த வருடத்தில் இருந்து தொடங்குகிறீர்கள் என்பது மற்றொன்று.